குறை பிறந்த இடம்

காலைக் காட்சி பார்த்துவிட்டு வந்து, மாலைக்குள் நியூஸ் பிரிண்ட் தாளில் எழுதிக் கொடுத்த விமர்சனம் அது. படத்தின் பெயர் வேண்டாம். எடுத்தவர்களே இந்நேரம் மறந்திருப்பார்கள். இடைவேளை வரை ஓடியது தெரியாமல் ஓடி, அதற்குப் பிறகு நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்த படம். நடுவில் ஒரு காட்சியில் கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைகிறான். அடுத்த காட்சியில் அவள் அவனை நினைத்துக் கனவுப் பாட்டு பாடுகிறாள். கதாநாயகிக்கு ஒரு அண்ணன் வேறு இருந்தான். முதல் பாதியில் வீட்டையே அதிரவைத்த ஆள், இரண்டாம் பாதியில் காணாமல் போய்விட்டான். தங்கை கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

நான் புதுசு. கோபமாக எழுதினால்தான் விமர்சனம் என்று நம்பிக்கொண்டிருந்த வயது. இரண்டாம் பாதியின் நீளம் கண்டிக்கத்தக்கது, அறைந்தது கண்டிக்கத்தக்கது, அண்ணனை மறந்தது வன்மையாகக் கண்டிக்கத்தக்கது என்று மூன்று இடத்திலும் ஒரே சொல்லைப் போட்டிருந்தேன். பொறுப்பாசிரியர் தாளை வாங்கி, பென்சிலால் மூன்றையும் வட்டமிட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“படம் நீளமா இருக்கறதுக்கு யாராவது கண்டனம் தெரிவிப்பாங்களா தம்பி? அது குறை. குறைன்னு எழுது. அறைஞ்சான் பாரு, அதைக் கண்டி. அண்ணன் என்ன ஆனான்னு உனக்கே தெரியல. தெரியாததை எதுக்குத் திட்டறே? கேளு.”

குறை சொல், கண்டி, கேள். அன்று மூன்றும் ஒரே வேலையைச் செய்யும் மூன்று சொற்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு அவற்றின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோதுதான், மூன்றும் மூன்று வெவ்வேறு ஊர்களிலிருந்து சினிமா கொட்டகைக்கு வந்து சேர்ந்தவை என்பது புரிந்தது. வந்த ஊரின் மண் இன்னும் அவற்றின் காலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் குறை. இதற்கு வயது அதிகம். ஒரு படைப்பில் என்னென்ன கெட்டுப் போகலாம் என்று தமிழில் பட்டியலே போட்டு வைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலைத் திறந்தால், எழுத்துக்கும் சொல்லுக்கும் போவதற்கு முன்பே பாயிரத்தில் அது வந்துவிடும். நூலுக்கு வரக்கூடிய குற்றங்கள் பத்து, நூலுக்கு இருக்க வேண்டிய அழகுகள் பத்து. குற்றம் பத்து என்றால் அழகும் பத்து. இரண்டு தட்டிலும் ஒரே எண்ணிக்கையில் படிக்கல் வைத்துவிட்டுத்தான் அவர் தராசைத் தூக்குகிறார். இன்று வாரப் பத்திரிகைகளில் ப்ளஸ், மைனஸ் என்று பெட்டி கட்டிப் போடுகிறோமே, அதற்குத் தாத்தா இது.

அந்தப் பத்தில் சிலவற்றின் பெயரை மட்டும் பாருங்கள். சினிமாவுக்காகவே வைத்தது போலிருக்கும். சென்று தேய்ந்து இறுதல் என்று ஒன்று. நன்றாகக் கிளம்பிப் போகப் போகத் தேய்ந்து முடிவது. இதைவிடச் சுருக்கமாக ‘செகண்ட் ஹாஃப் சொதப்பல்’ என்பதை எவராலும் சொல்ல முடியாது. மற்றொன்று விரித்தல் என்று இன்னொன்று. எடுத்த விஷயத்தை விட்டுவிட்டு வேறொன்றைப் பரப்பிக்கொண்டிருப்பது. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் தனியாக ஓடும் காமெடி டிராக்கை நினைத்துக்கொள்ளலாம். மாறுகொளக் கூறல், முன்னே சொன்னதற்குப் பின்னே சொல்வது முரணாக இருப்பது. நாம் லாஜிக் ஓட்டை என்கிறோம். நின்று பயனின்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. இருக்கிறது, ஆனால் எதற்கும் உதவவில்லை. நம் படங்களில் பல கதாநாயகிகளின் நிலைமை அதுதான். என் படத்து அண்ணனும் அந்த வகைதான் என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

இந்தப் பெயர்களில் ஒரு நுணுக்கம் உண்டு. இறுதல், விரித்தல், கூறல் எல்லாம் தொழிற்பெயர்கள். செயல் இருக்கிறது, செய்தவன் இல்லை. நூலாசிரியன் சோம்பேறி என்றோ அறிவில்லாதவன் என்றோ நன்னூல் சொல்வதில்லை. நூலில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது என்று விரல் நீட்டுவதோடு சரி. அதே பாயிரத்தில் ஓர் ஆசிரியன் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகள் ஏழு என்று வரும் இடத்தில், பிறர் நூலில் குற்றம் காட்டுவதும் அவற்றில் ஒன்று. காட்டுவது என்பதைக் கவனிக்க வேண்டும். குற்றம் காண்பவர் வேறு, காட்டுபவர் வேறு. காண்பவர் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு வருபவர். சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். காட்டுபவர் இடத்தைச் சொல்லி ஆக வேண்டும். எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிஷம், என்ன நடந்தது. இடம் சொல்லாமல் குற்றம் காட்ட முடியாது.

குறை, குற்றம், பிழை, வழு என்று நான்கு சொற்கள் நம்மிடம் இருக்க, இவற்றில் குறைதான் சினிமாவுக்கு வந்து குடியேறியது. வழு இலக்கண வகுப்பறையிலேயே தங்கிவிட்டது. பிழை அச்சகத்தோடு சிநேகமாகி எழுத்துப்பிழை, அச்சுப்பிழை என்று போய்விட்டது. குற்றத்தைப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதை மீட்டுத் திரைக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் ஏ.பி. நாகராஜன் என்பேன். 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் அவரே நக்கீரராக உட்கார்ந்து, சிவாஜியின் சிவபெருமானையும் நாகேஷின் தருமியையும் எதிர்கொண்டார். ஒரு பாட்டுக்கு விமர்சனம் எழுதும் கதையைத் தமிழ்நாடே கைதட்டிப் பார்த்தது வேறெங்கும் நடந்திருக்குமா தெரியாது. அந்தக் காட்சியின் அச்சாணி ஒரு சின்னக் கேள்வி. குற்றம் சொல்லிலா, பொருளிலா? இன்றைக்கும் விமர்சகன் பேனாவை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதுதான். எடுத்த விதம் சரியில்லையா, எடுத்துக்கொண்ட விஷயமே சரியில்லையா? முதலாவதுக்குக் குறை போதும். இரண்டாவதுக்குப் போதாது.

குறை என்ற சொல்லுக்கு அடியில் குறைவு இருக்கிறது. வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கீழே. உப்பு குறை, வெளிச்சம் குறை. அதனால் குறை சொல்கிறவரின் மனசில் ஓர் அளவு ஏற்கெனவே இருந்தாக வேண்டும். அந்த அளவு யாருடையது என்பதில்தான் சிக்கல். 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். பாட்டே கிடையாது. படத்துக்குப் பல பாட்டு என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு, அது இரண்டரை மணி நேர மாமூலில் ஏதோ பாக்கி வைத்தது போலிருந்தது. படம் ஓடவில்லை. இன்று அதே விஷயத்தை நாம் பெருமையாகச் சொல்கிறோம். பாட்டு இல்லை என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அதைக் குறை ஆக்கியது பார்த்தவர் கையில் இருந்த படி. ஒரு படத்துக்குக் குறை எழுதும்போது, அந்தப் படம் தனக்கென்று எந்த அளவை எடுத்துக்கொண்டு கிளம்பியது என்று பார்க்காமல் நம் வீட்டுப் படியால் அளந்தால், துப்பறியும் கதையில் பாட்டு குறைவு என்று எழுதத்தான் வரும்.

கண்டனத்தின் ஊர் வேறு. கண்டி என்பது வடமொழியிலிருந்து வந்தது. உடைத்தல், துண்டாக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். கண்டனம் என்றால் எதிராளியின் வாதத்தை மறுத்து உடைப்பது. சைவ, வைணவ, வேதாந்த வாதங்களில் புழங்கிய ஆயுதம் அது. தமிழில் இந்தக் கலை எவ்வளவு சூடாக நடந்தது என்பதற்கு ஒரு நூலின் பெயர் போதும். 17ஆம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் ‘இலக்கண விளக்கம்’ எழுதினார். அடுத்த நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதற்கு மறுப்பு எழுதி, ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்று பெயர் வைத்தார். விளக்கை ஊதி அணைக்கச் சூறாவளி! இன்றைய யூடியூப் விமர்சகர்கள் தலைப்பு வைப்பதில் தங்களை மன்னர்களாக நினைத்துக்கொள்வது இதைப் படிக்காததால்தான். 19ஆம் நூற்றாண்டில் அச்சு இயந்திரம் வந்ததும் இந்த வழக்கம் துண்டுப் பிரசுரங்களாகப் பெருகியது. வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா இல்லையா என்று ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும் மாறி மாறி எழுதித் தள்ளிய மறுப்புகளும் கண்டனங்களும் தனி அலமாரி நிறையும்.

அந்தச் சண்டையில் ஒரு கண்ணியம் இருந்தது. எதிராளி சொன்னதை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் உடைப்பார்கள். எதை உடைக்கிறோம் என்று காட்டாமல் கண்டனம் எழுத முடியாது. அந்த விதி இன்னும் ஓர் இடத்தில் உயிரோடு இருக்கிறது, நம் மக்களவையில். அங்கே கண்டனத் தீர்மானம் வேறு, நம்பிக்கையில்லாத் தீர்மானம் வேறு. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். கண்டனத் தீர்மானம் கொண்டுவருகிறவரோ எந்தச் செயலுக்காக, என்ன காரணத்துக்காக என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்து சினிமா விமர்சனத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி, நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கண்டனம் என்று நினைத்து எழுதுவதால் வருகிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது நேர்மையான வாக்கியம்தான். அதைக் கண்டிக்கிறேன் என்று எழுதும்போது பொய்யாகிவிடுகிறது.

ஆங்கிலத்துச் சென்ஷர் என்ற சொல்லின் பூர்வீகமும் நம் கதையோடு ஓர் இடத்தில் முட்டிக்கொள்கிறது. பழைய ரோமாபுரியில் சென்சார் என்றொரு பதவி. குடிமக்களை எண்ணிக் கணக்கெடுப்பது, சொத்தை மதிப்பிடுவது அவர் வேலை. கணக்கெடுக்கும்போது ஒழுக்கம் தவறியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டுவிடுவார். அந்தப் பதவியிலிருந்துதான் சென்ஷர் என்ற கண்டனமும், சென்சார் போர்டும் கிளம்பின. தமிழில் சென்சாருக்கு நாம் வைத்த சொல் தணிக்கை. உருது வழியாக வந்து, கச்சேரிகளிலும் கஜானாக்களிலும் கணக்குச் சரிபார்ப்பதற்கு வழங்கிய சொல் அது. இன்றும் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தணிக்கை வந்தால் அது வேறு, படத்துக்குத் தணிக்கை வந்தால் வேறு. ரோமாபுரிக்காரனும் நாமும் ஒருவரை ஒருவர் கேட்காமலே கணக்குப்பிள்ளையிடம் கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கிறோம். 1918ஆம் வருஷத்துச் சட்டத்தை ஒட்டிச் சென்னையில் தணிக்கை தொடங்கியது முதல், வெட்டுகிற அதிகாரம் அரசாங்கத்திடம் போய்விட்டது. விமர்சகனிடம் மிஞ்சியது சொல் மட்டும். அதனால் தணிக்கை செய்கிறவன் தொனியில் விமர்சகன் பேச ஆரம்பித்தால் எனக்கு உடம்பு கூசும். இந்தக் காட்சியை வைத்திருக்கவே கூடாது என்பது அவர்கள் பாஷை. இந்தக் காட்சி இன்னதைச் சொல்கிறது, அதை நான் ஏற்கவில்லை என்பது நம் பாஷை.

கண்டி என்ற சொல் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. கண்டிப்பான வாத்தியார், பிள்ளையைக் கண்டித்து வளர்க்காத அப்பா. அங்கே அது மேலிருந்து கீழே வருகிறது. இந்த வாசனையால்தான் இயக்குநர்களுக்கு அந்தச் சொல் எரிகிறது. நீ யார் என்னைக் கண்டிக்க? நியாயமான கேள்விதான். திருக்குறளில் பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்தில், ராஜாவை இடித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று வருகிறது. இடித்துரைப்பவர் ராஜாவுக்கு மேலே இருப்பவர் அல்ல, பக்கத்தில் இருப்பவர். அருமையான சொல். ஆனால் சினிமாப் பக்கத்தில் இடித்துரைக்கிறோம் என்று எழுதினால் இன்று பட்டிமன்ற நடுவர் மாதிரி இருக்கும். எனவே அது வழக்கில் நிற்கவில்லை.

சினிமா பேச ஆரம்பித்தபோது இந்தச் சொற்களெல்லாம் தயாராகக் காத்திருந்தன. 1931இல் ‘காளிதாஸ்’ வந்தது. ஆனந்த விகடனில் கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியை எழுதிக்கொண்டிருந்தார். கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் நாடகத்துக்கும் எழுதிய அதே பேனா சினிமாவுக்கும் திரும்பியது. சபாவில் உட்கார்ந்து பழகிய ரசிகரின் தொனி அதில் இருந்தது. பாராட்டிக்கொண்டே வந்து, நகைச்சுவையாக ஒரு குட்டு வைத்துவிட்டு, பிறகு மறுபடி பாராட்டுக்குத் திரும்புவது. சமநிலை என்ற பெயர் இல்லாமலே வந்த சமநிலை. அதே கல்கியின் கதைதான் 1939இல் கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் ‘தியாக பூமி’யாகி, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தடையை வாங்கியது. விமர்சகன் ஒருபக்கம், தணிக்கை மறுபக்கம் என்று இரண்டின் எதிரிலும் நின்று பார்த்தவர் அவர்.

நாற்பதுகளில் சினிமாவுக்கென்றே பத்திரிகைகள் முளைத்தன. பி.ஆர்.எஸ். கோபால் தன் பத்திரிகைக்கு ‘குண்டூசி’ என்று பெயர் வைத்தார். விமர்சனத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அகப்படாது. குத்தும், ஆனால் ஆளைக் கொல்லாது. தவிர, தாள்களைச் சேர்த்துப் பிடிப்பதும் அதுதான். அதே சமயத்தில் இன்னொரு பக்கம் லட்சுமிகாந்தன் நடத்திய வகைப் பத்திரிகை நட்சத்திரங்களின் அந்தரங்கத்தைத் தூற்றிக்கொண்டிருந்தது. 1944 நவம்பரில் அவர் கொலையில் முடிந்தது அந்தக் கதை. தூற்று என்பது களத்துமேட்டுச் சொல். நெல்லை முறத்திலிருந்து காற்றில் விட்டுப் பதரைப் பிரிப்பதுதான் தூற்றுதல். எப்படியோ பதரை மட்டும் எடுத்து ஊர்மேல் வீசுவதற்கு அதே பெயர் வந்துவிட்டது.

ஐம்பதுகளில் அரசியல் மேடை திரைக்குள் வந்ததும் கண்டனச் சொற்களுக்கு மறுபடி வேலை வந்தது. 1952இல் ‘பராசக்தி’ வெளியானபோது தினமணி கதிர் அதைக் கேலிச்சித்திரத்தோடு, ‘பரப்பிரம்மம்’ என்று தலைப்பு போட்டுத் தாக்கியது. மு. கருணாநிதி சும்மா இருக்கவில்லை. அதே பெயரில் ஒரு நாடகம் எழுதிவிட்டார். சிவஞான முனிவரின் சூறாவளி திரும்பி வந்தது போலத்தான். கண்டன மரபுக்கே உரிய குணம் இது. கண்டனம் என்றால் பதில் வரும். குறைக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. நீங்கள் ஒளிப்பதிவு சுமார் என்று எழுதியதற்கு எந்த ஒளிப்பதிவாளரும் நாடகம் போட்டதில்லை. மேடையிலிருந்துதான் சாடினார், விளாசினார் போன்றவை தலைப்புச் செய்திகளாகி, அங்கிருந்து சினிமாப் பக்கத்துக்கும் ஒழுகின.

மேடைச் சொற்கள் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாசகனுக்குப் பிடித்த சொற்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தன. அலசல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். துணியைத் தண்ணீரில் முக்கி, இரண்டு பக்கமும் ஆட்டி அழுக்கைப் போக்குவது அலசுவது. இன்று ஒரு படத்தை அலசுகிறோம். துவைப்பது அதற்கு முந்தைய கட்டம். அடித்துத் துவைத்துவிட்டார் என்றால் விமர்சகர் கல்லில் ஓங்கி அடித்திருக்கிறார் என்று பொருள். வெளுத்து வாங்குவதும் அதே துறைதான். வறுத்தெடுப்பது சமையலறை. இந்த வரிசையில் எனக்கு அலசலின் மேல் தனி மதிப்பு. துவைப்பதில் துணிக்குச் சேதம் வரலாம். அலசுவதில் துணி அப்படியே இருக்கும், அழுக்கு மட்டும் தண்ணீரில் தெரியும்.

ஆனால் நடுநிலையான தமிழ் விமர்சனத்தின் உண்மையான முதுகெலும்பு இந்தச் சொற்கள் எதுவும் இல்லை. ஒரு விகுதிதான். இருக்கலாம். ‘நீளத்தைக் குறைத்திருக்கலாம்.’ ‘வில்லன் பாத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்திருக்கலாம்.’ ‘அந்தக் குத்துப்பாட்டைத் தவிர்த்திருக்கலாம்.’ எந்தப் பத்திரிகையை எடுத்தாலும் கடைசிக்கு முந்தைய பத்தியில் இந்த லாம், லாம் ஒலி கேட்கும். இதன் பிறந்தகம் கல்யாணப் பந்தி என்று எனக்குச் சந்தேகம். சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று அழைத்தவரிடம் நேராகச் சொல்ல முடியாது. ‘எல்லாம் பிரமாதம். உப்பு மட்டும் ஒரு கல் குறைச்சிருக்கலாம்.’ சாப்பிட்டாயிற்று, மொய்யும் எழுதியாயிற்று, குறையும் சொல்லியாயிற்று. யார் மனசும் புண்படவில்லை.

இந்த லாம் தரும் சௌகரியம் ஒன்று, ஆபத்து ஒன்று. சௌகரியம், அது நடந்த தவற்றைச் சொல்லாமல் நடக்காமல் போன நல்லதைச் சொல்கிறது. ஆபத்து, யார் செய்திருக்கலாம் என்பது மறைந்துவிடுகிறது. அல்லது தப்பான ஆள்மேல் விழுகிறது. ‘எடிட்டர் கத்தரியை இன்னும் கொஞ்சம் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கலாம்’ என்ற வாக்கியத்தை நானே பத்து முறையாவது எழுதியிருப்பேன். எடிட்டிங் அறையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்த பிறகு விட்டுவிட்டேன். ஃபிலிம் இருந்த காலத்தில் இரண்டரை மணி நேரப் படம் என்பது சுமார் பதின்மூவாயிரத்து ஐந்நூறு அடி, பதினாலு ரீல். அதில் எந்த ரீலிலிருந்து எது போக வேண்டும் என்று எடிட்டர் யோசனை சொல்வார். முடிவு இயக்குநரிடம், அவருக்கும் மேலே தயாரிப்பாளரிடம் இருக்கும். பாட்டை வெட்ட விடமாட்டார்கள், கேசட் விற்க வேண்டும். நட்சத்திரத்தின் அறிமுகத்தை வெட்ட விடமாட்டார்கள். மீதி இருப்பதில் எடிட்டர் என்ன செய்வார்? படம் இழுக்கிறது என்பது நமக்குத் தெரியும். யார் இழுத்தார்கள் என்பது தெரியாது. தெரியாதபோது, ‘இழுக்கிறது’ என்று படத்தையே எழுவாயாக வைத்து நிறுத்திக்கொள்வது நேர்மை. நன்னூல் செய்ததும் அதுதான்.

மதிப்பெண் போடும் வழக்கம் வந்த பிறகு இந்தப் பந்தி மரியாதை கொஞ்சம் உடைந்தது. ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் கொடுத்தது இன்றுவரை பேச்சாக இருக்கிறது. அறுபதைத் தாண்டினாலே திருவிழா. அப்படிக் கொண்டாடிய படத்துக்கும் முப்பத்தேழரை போய்விட்டது என்பதை யாரும் கவனிப்பதில்லை. எந்தக் காட்சிக்கு எவ்வளவு போனது என்று எண் சொல்லாது. அதைச் சொல்ல வினைச்சொல்தான் வர வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கேள்வி. பழைய தமிழில் கேள்வி என்றால் காதால் கேட்டு அறிவது. திருக்குறளில் கேள்வி அதிகாரம் முழுக்க அந்தப் பொருளில்தான் போகிறது. கேட்பவன் அங்கே வாயை மூடிக்கொண்டு இருப்பவன். இன்று அதே சொல் வாயைத் திறப்பதற்குப் பெயராகிவிட்டது. நீதிமன்றமும் சட்டசபையும் வந்த பிறகு கேள்வி எழுப்பினார் என்பது வந்தது. சிற்றிதழ்கள் வழியாகக் கேள்விக்குள்ளாக்குகிறது வந்தது. இந்தக் கடைசிச் சொல் சினிமாப் பக்கத்தில் ஒரு குழப்பம் செய்கிறது. படம் சாதியைக் கேள்விக்குள்ளாக்குகிறது என்று எழுதுகிறோம். படத்தை விமர்சகர் கேள்விக்குள்ளாக்குவதும் அதே சொல்லில். வாசகன் எழுவாயைத் தவறவிட்டால் பாராட்டு எது, குறை எது என்று பிரிக்க முடியாது. தவிர, அது நீட்டி முழக்கும் சொல். ‘கேட்கிறது’ என்றாலே போதும் பல இடங்களில்.

விமர்சகனுக்கு இங்கேயும் நன்னூல்தான் உதவிக்கு வருகிறது. வினா ஆறு வகை என்று பிரித்ததில், முதல் மூன்று நமக்குத் தேவைப்படும். விடை தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா, வாத்தியார் மாணவனைக் கேட்பது போல. விடை தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று ஊசலாடிக் கேட்பது ஐய வினா. பெரும்பாலான விமர்சனங்களில் கேள்விக்குறி போட்டு வருபவை அறிவினாக்கள்தான். ‘நடு ரோட்டில் இருபது பேரை அடிக்கும்போது போலீஸ் எங்கே போனது?’ கேட்பவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். அது கேள்வி வேஷம் போட்ட குறை. குறை என்றே எழுதிவிட்டால் கண்ணியமாக இருக்கும். நிஜமான கேள்வி அறியா வினாவாகவோ ஐய வினாவாகவோ இருக்கும். கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் விடும். அது தன் பார்வையில்கூடத் தவறு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது. கேள்வி என்ற சொல்லின் பழைய அர்த்தம், காது கொடுப்பது, அங்கே மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

பொறுப்பாசிரியர் திருப்பிக் கொடுத்த தாளை அன்று எனக்குத் திரும்ப எழுதத் தெரியவில்லை. அவரே எழுதவைத்தார். ‘இடைவேளைக்குப் பிறகு படம் தேய்கிறது, கிராமத்துத் திருவிழாவும் இரண்டு பாட்டுகளும் தொடர்ந்து வந்து, கல்யாணம் நடக்குமா என்ற பதைப்பை ஆற்றிவிடுகின்றன.’ இது குறை. எங்கே, எதனால் என்பது இருக்கிறது. திட்டு இல்லை. அடுத்தது, ‘கதாநாயகன் அறைகிறான், அடுத்த காட்சியில் அவள் அவனைக் காதலிக்கிறாள். அடி வாங்கினால் அன்பு வரும் என்று சொல்லும் இந்த இரண்டு காட்சிகளையும் கண்டிக்கிறோம்.’ இதில் நான் ஒரு சண்டை போட்டேன். காட்சிகளைக் கண்டித்தால் போதுமா, இயக்குநர் பெயரைச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். “இது நாலு பேர் யோசிச்சு வச்ச காட்சி இல்ல தம்பி. இருபது வருஷமா எல்லாப் படத்திலயும் இருக்கற காட்சி. ஒருத்தர் பேரைப் போட்டா மத்தவங்க தப்பிச்சிடுவாங்க” என்றார். எனக்கு முழுக்கச் சம்மதம் இல்லை. இன்றைக்கும் இல்லை. வைத்தவர் ஒருவர் இருக்கும்போது கண்டனத்துக்கு முகவரி வேண்டும் என்பது என் கட்சி. அன்று அவர் கட்சிதான் அச்சேறியது.

மூன்றாவது வாக்கியம், ‘கதாநாயகியின் அண்ணன் என்ன ஆனார்?’ அவ்வளவுதான். ‘மறந்துவிட்டார்களா’ என்று பின்னால் ஒட்டியிருந்தேன். அதைப் பென்சிலால் அடித்தார். மறந்துவிட்டார்களா என்பது கேள்வி இல்லை என்றார்.

இதழ் வந்து ஒரு வாரம் கழித்து, தேனாம்பேட்டை டீக்கடையில் அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் டீக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் துபாய்க்குக் கிளம்பும் காட்சியை மீனம்பாக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்க எடுத்திருக்கிறார்கள். தங்கை கையில் பணத்தைத் திணித்துவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் போவான். படத்திலேயே அதுதான் நல்ல காட்சி என்றார். ரிலீசுக்கு இரண்டு நாள் முன்பு, படம் நீளமாக இருக்கிறது என்று ஒரு ரீலைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். திருவிழாவில் கைவைக்கக் கூடாது, பாட்டில் கைவைக்கக் கூடாது.

“நீங்க ஒருத்தர்தான் சார் அண்ணன் எங்கேன்னு கேட்டீங்க” என்றார். டீக்குக் காசை அவரே கொடுத்தார்.